பசார் மாலாம் கடையும் சாயங்கால இடி மழையும்

"அண்ணே, நானும் வீட்டுக்காரரும் செராஸ் பக்கம் பசார் மாலாம்ல வடை, பஜ்ஜி கடை போடுறோம். காலையில பளிச்சுன்னு வெயில், நாலு மணிக்கு டென்ட் கட்டி எண்ணெய் சூடாகுற நேரம் பார்த்து இடியோட கொட்டுது. போன்ல பார்த்தா தினமும் இடி மழை படம்தான் போட்டிருக்கு. இது ஏன் இப்படி, கடை போடலாமா வேணாமான்னு மதியமே கண்டுபிடிக்க வழி இருக்கா?"

வழி இருக்கு தங்கச்சி, ஆனா முழுசா இல்ல, எவ்வளவு தூரம் முடியும்னு கடைசியில சொல்றேன். முதல்ல அந்த மழை உங்க தலைக்கு மேலயே எப்படி உருவாகுதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

கோலாலம்பூர் பூமத்திய ரேகையில இருந்து சுமார் 3 டிகிரி வடக்கே இருக்கு. டிசம்பர்ல சூரியன் ரொம்ப தெற்கே போனாலும் உச்சி வேளையில இங்க 63 டிகிரி உயரத்துல நிக்கும், அதாவது வருஷம் பூரா வெயிலுக்கு லீவே கிடையாது. மேற்கால மலாக்கா நீரிணை, தண்ணி எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும், காத்துல ஈரத்துக்கும் பஞ்சமே இல்ல. வேற நாடுகள்ல குளிர்காத்தும் சூடான காத்தும் மோதி மழை வரும், அதனால அங்க மழை ராத்திரி பகல்னு பார்க்காது. இங்க மோதுறதுக்கு குளிர்காத்தே இல்ல, வாரக்கணக்கா ஒரே மாதிரி வெப்பம், மாறுறது பகலும் ராத்திரியும் மட்டும்தான். அதனாலதான் மழையும் கடிகாரம் பார்த்த மாதிரி வருது.

ஏப்ரல் மாசத்துல ஒரு சாதாரண நாளை எடுத்துக்குவோம். காலையில 7 மணிக்கு வெப்பம் 24 டிகிரி, காத்துல ஈரம் நிறைஞ்சு கிடக்கும். மதியம் 32 டிகிரி ஆகும், ஆனா காத்துல இருக்கிற ஈரம் பெருசா குறையாது, அந்த காத்தை இன்னும் 24 டிகிரிக்கு குளிர வெச்சா போதும் தண்ணியா மாறிடும். அந்த வித்தியாசம் 8 டிகிரி, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 125 மீட்டர்னு ஒரு கணக்கு வெச்சிருக்கோம், ஆக சூடான காத்து ஒரு 1,000 மீட்டர் ஏறினாலே மேகம் ஆயிடும். மேகம் ஆகும்போது ஈரத்துல இருந்த வெப்பம் வெளிய வந்து அந்த காத்தை இன்னும் மேல தள்ளும், மறுபடி ஈரம் மேகமாகும், மறுபடி வெப்பம், இப்படியே போனா 5 கிலோமீட்டர் தாண்டி உறைநிலைக்கு மேல போயி சில சமயம் 15 கிலோமீட்டர் வரைக்கும் நிமிர்ந்து நிக்கும். அந்த குளிர்ல சின்ன பனித்துகளும் குட்டி பனிக்கட்டியும் ஒண்ணோட ஒண்ணு உரசித்தான் மின்னல் பிறக்குது.

சரி, வெயில் உச்சியில அடிக்கும்போதே ஏன் வரல, ஏன் நாலு மணி? இங்க பலருக்கு தெரியாத ஒரு விஷயம் சொல்றேன், நம்ம கடிகாரம் சூரியனை விட ஒரு மணி நேரத்துக்கு மேல முந்தி ஓடுது. 1982-ல தீபகற்ப மலேசியாவும் சபா சரவாக் நேரத்துக்கு மாறினதால கேஎல்ல சூரியன் உச்சிக்கு வர்றதே சுமார் 1.15 மணிக்குத்தான். தரை சூடாகி அது காத்துக்கு ஏற இன்னும் ரெண்டு மணி நேரம், அப்போ மூணு ஆச்சா. அதே நேரத்துல கிள்ளான் பக்கத்துல இருந்து கடல்காத்து கிளம்பி உள்ள வரும், கிழக்கால தித்திவங்சா மலைச்சரிவுல சூடான காத்து ஏறிக்கிட்டு இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட கேஎல் காத்துக்கு மேல போறதைத் தவிர வழியில்ல. அதான் பெரும்பாலும் 3-ல இருந்து 6-க்குள்ள.

மழை தனக்குத்தானே வெடி வெச்சுக்கும்கிறதையும் தெரிஞ்சுக்குங்க. மழை விழும்போது அது கூடவே குளிர்காத்தும் கீழ இறங்கும், தரையில பட்டதும் கல்லுல ஊத்தின தோசை மாவு மாதிரி சுத்திப் பரவும். உங்க டென்ட் துணி திடீர்னு படபடக்கும், ஜில்லுன்னு ஒரு காத்து, மண்வாசனை, அப்புறம் பத்து நிமிஷத்துல மழை, அந்த காத்துதான் இது. அது சூடான காத்து ஏறுற வழியை அடைச்சிடுறதால ஒரு தனி மேகம் 30-ல இருந்து 60 நிமிஷத்துல செத்துப் போயிடும். ஆனா பரவின குளிர்காத்து பக்கத்து ஏரியாவுல இருக்கிற சூடான காத்தை தூக்கி விட்டா அங்க புது மேகம் முளைக்கும், அம்பாங்கில விட்ட மழை செராஸ்ல ஆரம்பிக்கிறது இப்படித்தான்.

போன்ல தினமும் இடி மழை படம் இருக்கிறதுக்கும் இதுதான் காரணம். அது பொய் இல்ல, மாவட்டத்துல எங்கயாவது பெய்யும்னு அர்த்தம். ஒரு மேகம் நனைக்கிறது சில கிலோமீட்டர் அகலம்தான், எந்த தெருன்னு காலையில யாராலயும் சொல்ல முடியாது, சொல்றேன்னு சொன்னா நம்பாதீங்க. அதனால அந்த படத்தை விட்டுட்டு வானத்தையும் ராடாரையும் பாருங்க.

விடியக்காலையே இடியோட பெரிய மழை வந்து (சுமத்ரா பக்கத்துல இருந்து வரிசையா வர்ற மழை அது, ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் வரும்) மதியம் வரைக்கும் மேகம் மூடியே இருந்தா தரை சூடாகாது, அன்னைக்கு சாயங்காலம் பெரும்பாலும் தப்பிச்சிடலாம், தைரியமா மாவு அரைங்க. மாறா காலையில இருந்து சுள்ளுன்னு வெயில், 11 மணிக்கே பஞ்சுப் பொதி மாதிரி மேகம், 1 மணிக்கு அதுல சிலது அகலத்தை விட உயரமா வளர்ந்திருந்தா வாய்ப்பு ஜாஸ்தி. மேகம் சின்னதாவே இருந்து தட்டையா கலைஞ்சு போனா மேல வறண்ட காத்து இருக்குன்னு அர்த்தம், ஜூன் ஜூலைல அப்படி நாள் நிறைய வரும். மோசமானது ஏப்ரலும் அக்டோபர் நவம்பரும், பருவக்காத்து மாறுற நேரம், காத்து ஓட்டம் குறைவா இருக்கிறதால மேகம் எங்க பிறந்துச்சோ அங்கயே கொட்டிட்டு போகும்.

3 மணிக்கு மெட்மலேசியா ராடார் படத்தை ஓட்டிப் பாருங்க. ஒரு படத்தை மட்டும் பார்த்தா பிரயோஜனம் இல்ல, கடைசி ஒரு மணி நேரம் அந்த மஞ்சள் சிவப்பு எந்தப் பக்கம் நகருது, வளருதா சுருங்குதான்னு பாருங்க. அடுத்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு அது நல்லாவே சொல்லும், அதுக்கு மேல போனா புதுசா முளைக்கிற மேகம் அதுல இருக்காது.

ஜில்லுன்னு காத்து வந்துட்டா முதல்ல அடுப்பை அணைச்சு எண்ணெய் சட்டியை மூடுங்க, சூடான எண்ணெயில மழைத்தண்ணி விழுந்தா தெறிக்கும். டென்ட்டை அப்புறம் பார்த்துக்கலாம். மின்னல் அடிச்சு இடி கேக்க 3 செகண்ட் ஆச்சுன்னா அது 1 கிலோமீட்டர் தூரம், 30 செகண்டுக்குள்ள கேட்டாலே அந்த இரும்புக் கால் டென்ட்டுக்கு கீழ நிக்காதீங்க, வேனுக்குள்ள போயி கதவை சாத்துங்க இல்ல பக்கத்து கட்டடத்துக்குள்ள போங்க, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு வெளிய வாங்க.

மழை விட்டதும் மூட்டை கட்டிடாதீங்க. 5.30 மணிக்கு மேல தூறலா மாறி, வானம் ஒரே சாம்பல் கலர்ல பரந்து கிடந்து, ராடார்லயும் பக்கத்துல புது சிவப்பு இல்லைன்னா, நனைஞ்ச தரையை மறுபடி சூடாக்க அன்னைக்கு வெயில் மிச்சமில்ல, உங்க ஏரியாவுல ரெண்டாவது மழை வர்றது அபூர்வம். 6.30-க்கு எண்ணெயை ஏத்துங்க, மழை விட்டதும் வர்ற கூட்டம் சூடா பஜ்ஜிதான் கேக்கும்.