கண்ணாடி ராஜா வேண்டாம்

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒரு செஸ் பைத்தியம். அடுத்த மாதம் அவருக்குப் பிறந்தநாள். கடையில் கண்ணாடியில் செய்த செஸ் செட் ஒன்று பார்த்தேன், பளபளவென்று அழகாக இருக்கிறது. வாங்கிக் கொடுத்துவிடலாமா? வேறு ஏதாவது நல்லதாக இருந்தால் சொல்லுங்கள், செலவைப் பற்றிக் கவலையில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவர் உங்களுக்கு விரோதியாக இருந்தால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கண்ணாடி செட்டில் ஒரு பக்கக் காய்கள் தெளிவாகவும் மறு பக்கக் காய்கள் பனி படிந்த மாதிரி மங்கலாகவும் இருக்கும். மேலே டியூப் லைட் எரிந்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். பலகையும் கண்ணாடி என்பதால் ஒவ்வொரு காயும் தலைகீழாக இன்னொரு முறை தெரியும். பத்து நிமிடத்தில் கண் வலிக்கும், பிஷப் எது, சிப்பாய் எது என்று குழம்பும். ஒரு காய் கீழே விழுந்தால் கதை முடிந்தது. ஒற்றைக் காய் தனியாகக் கிடைக்காது. செஸ் ஆடுகிறவர் வீட்டில் இந்த மாதிரி ஒரு செட் ஷோகேஸில் ஏற்கெனவே இருக்கும், யாரோ கொடுத்ததாக. ராமாயணப் பாத்திரங்கள், கிரிக்கெட் வீரர்கள் என்று வரும் செட்களுக்கும் இதே கதிதான்.

முதலில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடியுங்கள்: அவர் எதில் ஆடுகிறார்? போனில் மட்டும் ஆடுகிறவரா, பலகை விரித்து ஆடுகிறவரா, போட்டிகளுக்குப் போகிறவரா, பழைய செட்களைத் தேடிச் சேர்க்கிறவரா? நான்கு பேருக்கும் நான்கு விதமான பரிசு.

போனில் மட்டும் ஆடுகிறவர் என்றால், சுருட்டி வைக்கிற வினைல் பலகையும் கெட்டியான பிளாஸ்டிக் காய்களும் போதும். சர்வதேசப் போட்டிகளில் ஆடுகிற அளவிலேயே இது கிடைக்கிறது. மலிவு செட்டில் காய்கள் உள்ளே வெறும் கூடு; சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்தால் சிப்பாய்கள் தானாகவே சரணடையும். கெட்டிக் காய்க்கு அடியில் எடை வைத்திருப்பார்கள். சோதிப்பது எளிது: சிப்பாயைப் பாதி சாய்த்துக் கையை எடுங்கள். ஆடிவிட்டுத் தானே நிமிர வேண்டும். படுத்துவிட்டால் வேறு செட் பாருங்கள். சுருட்டி வரும் பலகை முதல் நாள் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். கட்டம் போட்ட பக்கம் வெளியே வரும்படி எதிர்த்திசையில் சுருட்டிக் கொஞ்ச நேரம் வைத்தால் படிந்துவிடும். மடித்துக் கொடுத்த வினைல் பலகையை மட்டும் வாங்காதீர்கள், மடிப்புத் தடத்தின் மேல் வைத்த காய் என்றைக்கும் சரிந்தே நிற்கும்.

பலகையில் எழுத்து அச்சிட்டிருந்தால் ஒரு நொடி உற்றுப் பாருங்கள். a என்ற எழுத்தும் 1 என்ற எண்ணும் சந்திக்கிற மூலை, அதாவது a1, கறுப்புக் கட்டமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஆடுகிறவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வரும். அழகுக்காகச் செய்த பலகைகளில் இது மாறியிருப்பது சகஜம். செஸ் தெரிந்தவர் அட்டைப்பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இனி, நல்ல மரக் காய்கள். உங்கள் நண்பர் பலகை விரித்து ஆடுகிறவர் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கடைக்காரர் ராஜாவின் உயரத்தைச் சொல்லித்தான் விற்பார்: மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95 மில்லிமீட்டர். போட்டிகளுக்கான அளவும் அதுதான். ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது உயரமல்ல, ராஜாவின் அடிவட்டத்தின் அகலம். அது கட்டத்தின் அகலத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 78 சதவீதம் இருந்தால் ஆட வசதி. இன்னொரு கணக்கும் உண்டு: ஒரே கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்களை நெருக்கி நிறுத்த முடிய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவரிடம் ஏற்கெனவே 20 அங்குல மரப் பலகை இருக்கிறது என்று வையுங்கள். 20 அங்குலம் என்பது ஓரச் சட்டத்தையும் சேர்த்து. சட்டம் ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் என்றால் மிச்சம் 18. எட்டால் வகுத்தால் கட்டம் இரண்டேகால் அங்குலம், 57 மில்லிமீட்டர். அதில் 78 சதவீதம் 44. ராஜாவின் அடிவட்டம் 44 உள்ள மூன்றே முக்கால் அங்குல செட் அச்சாகப் பொருந்தும். அதே 20 அங்குலப் பலகையில் சட்டம் இரண்டு அங்குலம் என்றால்? மிச்சம் 16, கட்டம் இரண்டே அங்குலம், 51 மில்லிமீட்டர். அதே ராஜா இப்போது கட்டத்தில் 86 சதவீதத்தை அடைத்துக்கொள்வார். நடு ஆட்டத்தில் ஒரு குதிரையை எடுக்கப் போனால் பக்கத்து பிஷப் சாயும். இந்தப் பலகைக்கு அடிவட்டம் 40 மில்லிமீட்டர் உள்ள செட் வேண்டும். ஆகவே கடைக்குப் போகும் முன், அவர் வீட்டுக்குப் போகிற சாக்கில் எட்டுக் கட்டங்களின் நீளத்தை ஒரு நூலால் அளந்துகொண்டு வந்துவிடுங்கள். உங்கள் திட்டம் தெரிந்துவிடுமே என்று பயந்தால் அவர் மனைவியைக் கேளுங்கள்.

வடிவம் என்று வரும்போது ஸ்டான்டன் என்ற வகையைக் கேளுங்கள். 1849இல் லண்டனில் ஜாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வடிவம் அது. அந்தக் காலத்துப் பிரபல ஆட்டக்காரர் ஹோவர்ட் ஸ்டான்டன் பெயரை வைத்தார்கள். இன்றைக்கு உலகத்தில் போட்டிகள் எல்லாம் அதன் வழிவந்த காய்களில்தான் நடக்கின்றன. மரக் காய்களைக் கடைந்து உலகத்துக்கே அனுப்புகிற ஊர் நம் நாட்டில்தான் இருக்கிறது, அமிர்தசரஸ். வெள்ளைக்குப் பாக்ஸ்வுட் என்ற வெளிர்மஞ்சள் மரம். கறுப்புக்கு சீஷம், செம்மரம் போலச் சிவந்த படாக், இல்லையென்றால் கருங்காலி. மூன்றில் கருங்காலிதான் விலை அதிகம் (மாலையாகக் கோத்து விற்பதற்கு முன்பிருந்தே). விலை குறைந்த செட்களில் பாக்ஸ்வுட்டுக்கே கறுப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அதில் தவறில்லை, அதைச் சொல்லி விற்றால். ஈர வெள்ளைத் துணியால் அடிவிளிம்பைத் தேய்த்துத் துணி கறுத்தால் சாயம்தான். படாக் பற்றி ஒன்று: அந்தச் சிவப்பு வெளிச்சம் பட்டுப்பட்டு நாளடைவில் பழுப்பாகிவிடும். சிவப்புக்காகவே வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம்.

மரக் காயின் தரத்தைக் குதிரையில் பார்க்க வேண்டும். மற்ற ஐந்து காய்களும் கடைசலில் சுழன்று வருபவை. குதிரைத் தலை மட்டும் உளியால் கையில் செதுக்குவது. அதற்கென்று தனித் தேர்ச்சி வேண்டும், செட்டின் விலை ஏறுவதும் அங்கேதான். நான்கு குதிரைகளையும் வரிசையாக நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். காது உயரம், கழுத்து வளைவு, தாடைக் கோடு நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா? கண் வெறும் துளையா, இமையோடு செதுக்கியதா? பிடரிமயிர் நாலு கீறலோடு நின்றுவிட்டதா? பல்லும் நாசியும் தெரியச் செதுக்கிய குதிரையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். காது ஊசி மாதிரி மெலிந்திருந்தால் முதலில் உடைவது அதுதான்.

அடுத்து ராஜாவைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் எடைக்கட்டி ஒட்டாமல் கழன்றிருக்கிறது. பிறகு அடிவிளிம்பைச் சுற்றிப் பாருங்கள். கீழிருந்து மேலாக மயிரிழை போல ஒரு விரிசல் ஓடினால் அந்தச் செட்டை வாங்காதீர்கள். சரியாக உலராத மரம் கடைக்கு வந்த பிறகு சுருங்குகிறது, உள்ளே இருக்கிற இரும்பு சுருங்காது, அதனால் மரம் பிளக்கிறது. கருங்காலியில் இது அதிகம். இன்றைக்கு மயிரிழையாக இருப்பது, ஏசி அறையில் ஒரு வருடம் இருந்தால் நகம் நுழைகிற அளவாகும்.

போட்டிக்குப் போகிறவருக்குக் காய்களைவிடக் கடிகாரம் உபயோகம். இப்போதைய ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகள் கூட்டித் தருவார்கள். 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடியும் என்பது ஒரு வழக்கமான கணக்கு. சாவி கொடுக்கிற முள் கடிகாரத்தால் அதைச் செய்ய முடியாது, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும். டிஜிட்டலிலும் மலிவானவை சில வெறுமனே பின்னோக்கி எண்ணும், அவ்வளவுதான். ‘இன்கிரிமென்ட் இருக்கிறதா’ என்று கேட்டு, கடையிலேயே 3 நிமிடம், 2 விநாடி என்று வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தியதும் இரண்டு விநாடி கூட வேண்டும்.

சேகரிப்பவர் என்றால் செட் வாங்கிக் கொடுக்கிற வேலையே வேண்டாம். எது தன்னிடம் இல்லை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பழைய ஜாக்ஸ் செட் என்று யாராவது காட்டினால், ராஜாவின் அடிவிளிம்பில் நிறுவனத்தின் பெயர் குத்தியிருக்கிறதா, ராஜா பக்கத்து யானையிலும் குதிரையிலும் சின்னக் கிரீட முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முத்திரையையும் போலியாகக் குத்தலாம் என்பதால் அது மட்டும் போதாது. அவருக்கு எதையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பழைய செட்டுக்கு அளவாகத் தடுப்பு வைத்துத் தச்சரிடம் ஒரு மரப்பெட்டி செய்து கொடுங்கள். உள்ளே பச்சை வெல்வெட்டோ பில்லியர்ட்ஸ் மேசைத் துணியோ ஒட்டச் சொல்லுங்கள். மறந்தும் தந்தத்தில் செய்த செட்டைத் தொடாதீர்கள். தாத்தா காலத்தது என்று சொன்னாலும் யானைத் தந்தத்தை இங்கே விற்பதும் வாங்குவதும் குற்றம். தந்தம் என்று சொல்லி விற்பதில் பல எலும்புதான். வெட்டுமுகத்தில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் எலும்பு, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் தந்தம். இரண்டாவது தெரிந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

எந்த செட் வாங்கினாலும் வண்ணக் காகிதம் சுற்றும் முன் காய்களை எண்ணிப் பாருங்கள். 32 அல்ல, 34 இருக்க வேண்டும். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால் எடுத்து வைக்க, பக்கத்துக்கு ஒரு ராணி கூடுதலாக வேண்டும். இல்லையென்றால் யானையைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து ‘இது ராணி’ என்பார்கள், போட்டியில் நடுவர் அதை யானை என்றே எடுத்துக்கொள்வார்.