ஒரு பவுன் சங்கிலியா, கோல்டு ஃபண்டா?

கேள்வி: "சேமிப்புக்காக வருஷம் ஒரு பவுன் நகை வாங்குகிறேன். அந்தப் பணத்தை கோல்டு ஃபண்டில் போட்டால் லாபமா? செய்கூலி, சேதாரத்தில் எவ்வளவு போகிறது?"

கடைசியில் அதை விற்பீர்களா, போட்டுக்கொள்வீர்களா என்பதைப் பொறுத்துத்தான் பதில் மாறும். விற்பதாக இருந்தால், பணத்தைத் தங்கத்தில் போடும் மியூச்சுவல் ஃபண்டான கோல்டு ஃபண்ட். உங்களுக்கோ மகளுக்கோ நகையாகவே வேண்டுமென்றால் நகை.

கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு கிராம் சங்கிலிக்குத் தங்கத்தின் விலை 80,000. செய்கூலியையும் சேர்த்துச் சேதாரம் 12 சதவீதம் என்றால் 9,600. இரண்டையும் கூட்டி அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 2,688. ஹால்மார்க் கட்டணத்தையும் சேர்த்தால் பில் 92,341 ரூபாய். மறுநாளே அதை விற்கப் போனால் சேதாரமும் வரியும் திரும்பக் கிடைக்காது. கடைக்காரர் 2 சதவீதம் கழித்தால் கைக்கு வருவது 78,400. ஏறக்குறைய 14,000 ரூபாய் போய்விட்டது. போட்ட பணம் திரும்ப வருவதற்கே கிராம் விலை 11,778 ரூபாய்க்கு ஏற வேண்டும்.

இதையே சுத்தத் தங்கமாகப் பாருங்கள். 22 காரட்டைத்தான் 916 என்கிறார்கள், அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். அப்படியென்றால் உங்கள் எட்டு கிராமில் சுத்தத் தங்கம் 7.33 கிராம்தான். அதே 92,341 ரூபாயை ஃபண்டில் போட்டிருந்தால் சுமார் 8.46 கிராம் சுத்தத் தங்கத்துக்கு ஈடான யூனிட்டுகள் கிடைத்திருக்கும். ஃபண்டிலும் செலவு உண்டு. ஆண்டுக்கு அரை சதவீதம் கட்டணம் என்றால் பத்து வருஷத்தில் அது 8.05 கிராமாகக் குறையும். அப்போதும் நகையைவிட அதிகம்தான். நீங்கள் வாங்குவது, பங்குச் சந்தையில் விற்கும் தங்க ஃபண்டான இடிஎஃப்பில் பணத்தைப் போடும் ஃபண்ட் ஆஃப் ஃபண்ட் என்றால், அதன் கட்டணத்தோடு உள்ளே இருக்கும் இடிஎஃப் கட்டணமும் சேரும். வாங்குமுன் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

ஆனால் பத்து வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்கு நகைதான் வேண்டும் என்றால் கணக்கு தலைகீழாகிறது. விலை இரட்டிப்பானதாக வைத்துக்கொள்வோம். ஃபண்டை விற்றால் சுமார் 1,75,600 ரூபாய். லாபத்துக்கு 12.5 சதவீத வரி போக மிஞ்சுவது சுமார் 1,65,000. அன்றைக்கு அதே சங்கிலி 1,84,000 ரூபாயைத் தாண்டியிருக்கும், ஏனென்றால் சேதாரமும் ஜிஎஸ்டியும் விலையோடு சேர்ந்தே ஏறும். ஆகவே போட்டுக்கொள்ள வேண்டிய நகையை முன்பே வாங்குவதில் தவறில்லை. பலரும் இதைச் சொல்லாமல் "நகை நஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்றை என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். அம்மா முப்பது வருஷம் போட்டிருந்த இரண்டு பவுன் சங்கிலியை, வீட்டுக் கடனை அடைப்பதற்காக மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு கடையில் விற்றோம். பதினாறு கிராம் என்று நாங்கள் நினைத்தது தராசில் 15.620 காட்டியது. தேய்மானம் அவ்வளவு. பிறகு காரட் மீட்டரில் வைத்தார்கள். 84 சதவீதம். பழைய நகைகளில் பற்றவைத்த இடங்கள் தரத்தைக் குறைக்கும் என்று அந்தக் கடைக்காரரே விளக்கினார். 22 காரட் கணக்குக்கு மாற்றியபோது 14.32 கிராமுக்குத்தான் பணம் வந்தது. அம்மா எதுவும் பேசவில்லை. வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

இப்போது வாங்கும் நகையில், எழுத்தும் எண்ணுமாக ஆறு இடங்கள் கொண்ட HUID என்ற ஹால்மார்க் அடையாள எண் பொறித்திருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. கடையில் இருக்கும்போதே, ஹால்மார்க் தரும் அரசு அமைப்பின் BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். தரம் 916 என்றும், நகை வகை உங்கள் கையில் இருப்பதுதான் என்றும் வர வேண்டும். கல் வைத்த நகையைச் சேமிப்பாக நினைக்காதீர்கள். பில்லில் கல் எடையும் தங்க எடையும் தனித்தனியாக இல்லையென்றால், விற்கும்போது எவ்வளவு கழிக்கிறார்கள் என்று உங்களால் சரிபார்க்கவே முடியாது.

அவசரத்துக்கு அடகு வைப்பதில் நகைக்குத்தான் பலம். வங்கியில் அன்றே பணம் கிடைக்கும். கோல்டு ஃபண்ட் யூனிட்டை அப்படி வைக்க முடியாது, விற்கத்தான் வேண்டும்.

நானாக இருந்தால், வீட்டுக்கு வேண்டிய நகையைச் சேதாரம் குறைந்த சாதாரண சங்கிலி, வளையலாக வாங்கிவிட்டு, அதற்கு மேல் சேமிக்கும் பணத்தை மாதா மாதம் ஃபண்டில் போடுவேன். அம்மாவுக்கு இப்போது ஒரு பவுனில் சங்கிலி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதை நான் சேமிப்புக் கணக்கில் சேர்க்கவில்லை.