கையெழுத்துக்கு முன்னால் ஒரு கால்குலேட்டர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கரூரிலிருந்து அப்பா, அம்மா, மகள் மூவரும் ஒரு நியமனக் கடிதத்தோடு என்னைப் பார்க்க வந்தார்கள். மகள் மெக்கானிக்கல் முடித்தவள். ஒரகடம் பக்கம் ஒரு பெரிய வாகன உதிரிபாக நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்பது பக்க நியமனக் கடிதம் மெயிலில் வந்திருந்தது. திங்கள் மாலைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

"மச்சான் திட்டுறாரு சார். அந்தக் கம்பெனி பேருக்கே ஆயிரம் பேர் வரிசையில நிக்கிறானாம். கேள்வி கேட்டா லெட்டரையே வாபஸ் வாங்கிருவானாம்" என்றார் அப்பா.

பயப்படாதீர்கள், நல்ல இடம்தான் என்று நானும் முதலில் சொன்னேன். அப்புறம்தான் மகளைப் பார்த்தேன். அவளுடைய உறுத்தல் வேறு. நேர்முகத்தில் முழுக்கத் தரக் கட்டுப்பாட்டு லேப் பற்றித்தான் பேசினார்கள், ஆஃபர் மெயிலிலும் 'குவாலிட்டி' என்றே இருந்தது. நியமனக் கடிதத்தின் முதல் பக்கத்தில் 'புரொடக்‌ஷன்' என்று இருக்கிறது. "சேர்ந்த பிறகு பேசிக்கலாம்னு மாமா சொல்றாரு" என்றாள்.

அந்த மாமாவோடு எனக்கு அங்கேயே உடன்பாடு முறிந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு பிரிவைக் காட்டினேன். இதற்கு முன் நடந்த பேச்சும் கடிதப் போக்குவரத்தும் இந்தக் கடிதத்தோடு காலாவதியாகின்றன என்று அது சொல்கிறது. பெரும்பாலான நியமனக் கடிதங்களில் இப்படி ஒன்று இருக்கும். கையெழுத்துப் போட்ட நிமிடமே ஆஃபர் மெயிலும் நேர்முகத்தில் சொன்ன வார்த்தையும் வலுவிழந்துவிடும். பிறகு பேச என்ன இருக்கிறது? பதவிப் பெயர் தவறாகப் போனால் இரண்டு வருடம் கழித்து வாங்கும் அனுபவச் சான்றிதழிலும் அதே பெயர்தான் வரும். அவள் போக ஆசைப்படுவது லேப். கம்பெனி பெயருக்காக அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாமாவுக்கு உரிமை இல்லை என்று அப்பாவிடம் நேராகவே சொன்னேன்.

கடிதத்தை அச்செடுத்து, ஆஃபர் மெயிலைப் பக்கத்தில் வைத்து, பென்சிலும் கால்குலேட்டரும் அவள் கையில் கொடுத்தேன். திரையில் படித்தால் கண் தாண்டிக்கொண்டே போகும், தாளில் வரி வரியாக நிற்கும்.

முதலில் சம்பளம். ஆண்டு சி.டி.சி., அதாவது பி.எஃப்., கிராஜுட்டி உட்பட அவளுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை, எண்ணில் 3,60,000. அடைப்புக்குறிக்குள் எழுத்தில் 'மூன்று லட்சத்து ஆறாயிரம்'. ஐம்பத்து நாலாயிரம் ரூபாய் ஒரு வார்த்தையில் நழுவியிருக்கிறது. காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தே செல்லும் என்பது சட்டம். நியமனக் கடிதம் காசோலை இல்லைதான். ஆனாலும் அந்த வாதத்துக்கு நாமே ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

அடுத்து இணைப்பில் இருந்த சம்பளப் பட்டியல். மாதக் கணக்கில் அடிப்படை 15,000, வீட்டு வாடகைப்படி 6,000, சிறப்புப்படி 4,678, நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுட்டி 722. கீழே மொத்தம் 30,000 என்று இருந்தது. கூட்டிப் பார்த்தாள், 28,200தான் வந்தது. மொத்தத்தை யாரும் கூட்டுவதில்லை, அச்சில் இருப்பதை நம்பிவிடுகிறோம்.

1,800 குறைகிறது. "பி.எஃப். போயிருக்கும்" என்றார் அப்பா. பி.எஃப். தனி வரியில் ஏற்கெனவே இருக்கிறதே! கணக்குப்பிள்ளைகளிடம் ஒரு பழைய வித்தை உண்டு. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். 1,800 ஒன்பதால் வகுபடும். பட்டியலின் ஆண்டுக் கணக்கில் சிறப்புப்படி 77,736 என்று இருந்தது. பன்னிரண்டால் வகுத்தால் 6,478. ஆறும் நாலும் இடம் மாறி 4,678 ஆகியிருக்கிறது. இது வெறும் சந்தேகமாக நிற்காமல், கடிதத்தின் ஒரு பகுதியே இன்னொரு பகுதியைத் திருத்துகிறது. மனிதவளத் துறையிடம் எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

தகுதிகாண் காலம் நான்காவது பிரிவில் ஆறு மாதம், ஏழாம் பக்கத்தில் 'பன்னிரண்டு மாதம் முடிந்ததும் நிரந்தரம்'. பழைய கடிதத்தை நகலெடுத்து ஒரு இடத்தில் மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும். எந்த எண் சரி என்று கேட்டே ஆக வேண்டும். கூடவே 'எழுத்து மூலம் உறுதிசெய்யும் வரை தகுதிகாண் காலம் நீடிக்கும்' என்று ஒரு வரி. இது பிழை இல்லை, நிறுவனத்தின் நிபந்தனை. ஆறு மாதம் ஓடிவிட்டால் தானாக நிரந்தரம் ஆகிவிட முடியாது. ஆறாவது மாதக் கடைசியில் உறுதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கு என்று அவள் டைரியில் குறிக்கச் சொன்னேன்.

குடும்பத்துக்குச் செலவு வைக்கும் பிழை நோட்டீஸ் பகுதியில் இருந்தது. நிரந்தரமான பிறகு விலகினால் 90 நாள் நோட்டீஸ், கொடுக்காவிட்டால் மூன்று மாத 'அடிப்படை' சம்பளம் கட்ட வேண்டும் என்று ஐந்தாம் பக்கம். எட்டாம் பக்கத்தில் அதே விஷயத்துக்கு 'கிராஸ்' என்று இருக்கிறது. அடிப்படை என்றால் 45,000. கிராஸ் என்றால் அடிப்படையும் இரண்டு படிகளும் சேர்த்து மாதம் 27,478, மூன்று மாதத்துக்கு 82,434. ஒரு சொல்லில் 37,434 ரூபாய். அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. "அது எங்களுக்கு அஞ்சு மாச வாடகை சார்" என்றார். இதே பகுதியில் 'அல்லது' இருக்க வேண்டிய இடத்தில் 'மற்றும்' விழுந்துவிடுவதையும் வேறு கடிதங்களில் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் நோட்டீஸும் கொடுத்துப் பணமும் கட்ட வேண்டும் என்று அர்த்தமாகிவிடும்.

90 நாள் அதிகம் என்று அப்பா பேரம் பேசச் சொன்னார். வேண்டாம் என்றேன். அதைக் கேட்கலாம், ஆனால் இந்த மெயிலில் கூடாது. பிழைத் திருத்தத்தோடு பேரத்தையும் கலந்தால் எல்லாமே பேரமாகத் தெரியும், பதிலும் தாமதமாகும். பேனாவால் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போடுவதும் சரிவராது, அவர்கள் சுருக்கொப்பம் போடாத திருத்தத்தை ஏற்றுக்கொண்டதாகக் காட்ட முடியாது.

என் மேசையிலேயே உட்கார்ந்து மெயில் எழுதினாள். வேலைக்கு நன்றி, கடிதத்தில் ஐந்து இடங்களில் எழுத்து வேறுபாடு தெரிகிறது, திருத்திய பிரதி கிடைத்த அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன். அவ்வளவுதான். கீழே ஒரு சின்ன அட்டவணை: பக்கம், இப்போது உள்ள வாசகம், ஆஃபர் மெயிலில் அல்லது கடிதத்தின் வேறு பக்கத்தில் உள்ள வாசகம். ஆஃபர் மெயிலையும் இணைத்தாள்.

திங்கள் மதியம் பதில் வந்தது. பதவி, எழுத்தில் இருந்த தொகை, தகுதிகாண் காலம், நோட்டீஸ் எல்லாம் சரியாகியிருந்தன. கிராஸ் போய் இரண்டு இடத்திலும் அடிப்படை. சிறப்புப்படிக்கு மட்டும் 'அந்த 1,800 பி.எஃப்.' என்று எழுதியிருந்தார்கள். 77,736-ஐப் பன்னிரண்டால் வகுத்து ஒரே வரியில் திருப்பி அனுப்பினாள். மாலை நாலரைக்கு மூன்றாவது பிரதி வந்தது. ஒன்பது பக்கத்தையும் திரும்ப முதலிலிருந்து படித்த பிறகே கையெழுத்துப் போட்டாள்.

அன்று ராத்திரி மாமா போன் செய்தாராம். "இவ்வளவு கேள்வி கேட்டியே, சம்பளம் ஏத்தினாங்களா?"

"இல்ல மாமா, அதே சம்பளம்தான்."