போன வருஷ முடிவுல இருந்து இந்த வருஷ முடிவுக்கு: ஈக்விட்டி ஸ்டேட்மென்ட் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, இன்டர் படிக்கிறேன். கணக்குல லாபம் 60 லட்சம்தான், ஆனா ஈக்விட்டி 3 கோடில இருந்து 4.37 கோடி ஆயிருக்கு. மீதி எங்கிருந்து வந்துச்சு?

பதில்: ஈக்விட்டிய ஒரே நம்பரா பாக்காதம்மா, மூணு காலமா, அதாவது மூணு நெடுவரிசையா பிரி. உன் கணக்குலயே 2024 ஏப்ரல் 1-ல ஷேர் கேப்பிடல் 100 லட்சம் (பத்து ரூபா முகமதிப்புல பத்து லட்சம் ஷேர்), செக்யூரிட்டீஸ் பிரீமியம் 50, ரீடெய்ன்ட் எர்னிங்ஸ் 150. ஆகஸ்ட்ல ஏஜிஎம்ல ஷேருக்கு 2 ரூபா டிவிடெண்ட் பாஸ் ஆச்சு, அது 20 லட்சம். டிசம்பர்ல 2 லட்சம் புது ஷேர் 50 ரூபாய்க்கு குடுத்தாங்க, ஒரு கோடி உள்ள வந்துச்சு.

இப்ப அந்த ஒரு கோடிய அப்படியே கேப்பிடல்ல போடக்கூடாது, பத்து ரூபா பங்கு 20 லட்சம் கேப்பிடலுக்கு, மிச்ச 40 ரூபா பங்கு 80 லட்சம் பிரீமியத்துக்கு. இஷ்யூவுக்குன்னே ஆன செலவு 3 லட்சத்த பிரீமியத்துலயே கழிச்சிருக்காங்க, லாப நஷ்டக் கணக்கு பக்கமே அது போகல. லாபம் 60-உம் டிவிடெண்ட் 20-உம் ரீடெய்ன்ட் எர்னிங்ஸ் காலத்த மட்டும்தான் தொடும். அப்ப கேப்பிடல் 120, பிரீமியம் 127, ரீடெய்ன்ட் 190.

குறுக்க கூட்டினாலும் அதேதான் வரணும்: 300 + 60 − 20 + 100 − 3 = 437. கீழ கூட்டினதும் குறுக்க கூட்டினதும் ஒத்துப்போச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது. பாதின்னு ஏன் சொல்றேன்னா, 80-ஐ தப்பா கேப்பிடல் காலத்துல போட்டாலும் மொத்தம் 437-தான் காட்டும். அதனால கேப்பிடல் காலத்த மட்டும் தனியா, ஷேர் எண்ணிக்கைய பத்தால பெருக்கி ஒரு தடவ பாத்துரு, 12 லட்சம் ஷேர், 120 லட்சம், சரி.

கேள்வி: நான் 25 வருஷமா கணக்கு எழுதுறேன்மா. மே மாசம் போர்டு ஷேருக்கு 3 ரூபா டிவிடெண்ட் சொல்லிடுச்சுன்னா, 12 லட்சம் ஷேருக்கு 36 லட்சத்தையும் மார்ச் 31-லயே கழிக்கணும். நாங்க அப்படித்தான் செய்வோம்.

பதில்: நீங்க சொல்றது ஒரு காலத்துல சரிதான் சார், புரொவிஷன் போட்டுதான் பேலன்ஸ் ஷீட் மூடுவோம், நானும் போட்டிருக்கேன். 2016-ல ஏஎஸ் 4-ங்கற கணக்கியல் தரத்த திருத்தினதுக்கப்புறம் அது போச்சு, இண்ட் ஏஎஸ் கம்பெனிக்கும் அதே நிலைதான். போர்டு சிபாரிசுதான் பண்ணுது, ஏஜிஎம்ல ஷேர்ஹோல்டர் ஓட்டு போட்டாத்தான் கம்பெனிக்கு அது கடன் ஆகும். மார்ச் 31 அன்னிக்கு அந்த கடனே இல்ல, அதனால 36 லட்சம் நோட்ஸ்ல ஒரு வரியா வரும், அடுத்த வருஷ ஸ்டேட்மென்ட்ல கழியும். மேல பாத்த 20 லட்சமும் அப்படித்தான், அது 2023-24 லாபத்துக்கான டிவிடெண்ட், ஆனா உக்காந்திருக்கறது 2024-25-ல. இன்டரிம் டிவிடெண்ட் வேற, வருஷத்துக்குள்ளயே குடுத்து முடிச்சுட்டா அந்த வருஷமே கழியும்.

கேள்வி: நான் போன மாசம் ஒரு கம்பெனி ஷேர் 100 வாங்கினேன், என் காசும் அவங்க ஷேர் இஷ்யூ வரில வந்துருக்குமா?

பதில்: மார்க்கெட்ல வாங்கினீங்கன்னா வராது தம்பி, உங்க காசு வித்தவருக்குத்தான் போச்சு, கம்பெனிக்கு பேரு மட்டும்தான் மாறுது. ஐபிஓலயோ ரைட்ஸ்லயோ கம்பெனிகிட்டயே நேரா வாங்கியிருந்தா வரும். போனஸ் ஷேரும் கிட்டத்தட்ட இப்படித்தான், காசு எதுவும் உள்ள வராது, ரிசர்வ் காலத்துல குறைஞ்சு கேப்பிடல் காலத்துல ஏறும், மொத்தம் அசையாது.

கேள்வி: மேடம், எங்க கம்பெனில போன வருஷம் முடிவு ரீடெய்ன்ட் எர்னிங்ஸ் 212 லட்சம், இந்த வருஷ ஆரம்பம் 208-ன்னு இருக்கு. ஆடிட்டர் கேக்கறதுக்குள்ள 4 லட்சத்த "மற்றவை"ன்னு ஒரு வரி போட்டு சரி பண்ணிரலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், அந்த வரிய முதல்ல தூக்கிருங்க. இந்த ஸ்டேட்மென்ட்டே எதுக்குன்னா அங்க முடிஞ்ச நம்பர்லதான் இங்க ஆரம்பிக்குதுன்னு காட்டத்தான், அதுலயே ஒட்டு போட்டா கீழ எல்லாமே சந்தேகமாயிரும். நான் ஒரு தடவ இதே மாதிரி ஒரு வித்தியாசத்த ரெண்டு நாள் தேடினேன், கடைசில பாத்தா கையெழுத்து ஆகாத டிராஃப்ட்ல இருந்து யாரோ நம்பர எடுத்து போட்டிருக்காங்க, அதுக்கப்புறம் டெப்ரிசியேஷன் மாறியிருந்துச்சு. அதனால கையெழுத்தான பேலன்ஸ் ஷீட்ட கையில வச்சு 212-ஆ 208-ஆன்னு பாருங்க.

அதுல 212-தான்னா, ரெண்டு விஷயம் இருக்கலாம். இண்ட் ஏஎஸ் கம்பெனில பழைய வருஷத்து தப்ப கண்டுபிடிச்சு ஆரம்ப பேலன்ஸ திருத்தியிருந்தா 212, திருத்தம் 4, திருத்தின பேலன்ஸ் 208-ன்னு மூணையும் வெளிப்படையா காட்டணும், அது தப்பே இல்ல. இல்ல யாராவது பழைய வருஷத்த சாஃப்ட்வேர்ல திரும்ப திறந்து என்ட்ரி போட்டிருக்காங்கன்னா, அந்த என்ட்ரி இந்த வருஷத்துக்கு வரணுமான்னு பாக்கணும். உங்களது எதுன்னு இங்கிருந்து சொல்ல முடியல, ரீடெய்ன்ட் எர்னிங்ஸ் லெட்ஜர போன மார்ச் 31 தேதிக்கு எடுத்து, கையெழுத்து ஆன நாளுக்கப்புறம் போட்ட வவுச்சர் ஏதாவது இருக்கான்னு பாத்துட்டு எழுதுங்க.