ஒரே ஒரு கேபிள் மொத்தக் கடையையும் நிறுத்தியது ஏன்?

அன்புள்ள ஐயா,

மதுரை மேலமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். கீழே எட்டு போர்ட் சுவிட்ச். அதில் ரூட்டர், நான்கு பில்லிங் கம்ப்யூட்டர்கள், மாடியிலிருக்கும் பழைய ஹப். ஹப்பில் இன்னும் நான்கு கம்ப்யூட்டர்கள். சும்மா கிடந்த ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் யாரோ சுவிட்சில் காலியாக இருந்த ஏழாவது, எட்டாவது போர்ட்டுகளில் சொருகிவிட்டார்கள். கடை முழுக்க பில் நின்றுபோனது. சுவிட்ச் ஒவ்வொரு போர்ட்டையும் தனியாகப் பிரிக்கும் என்றுதானே படித்தேன்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

படித்தது சரிதான். ஆனால் சுவிட்ச் பிரிப்பது கொலிஷன் டொமைனை மட்டும், அதாவது ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதிக்கொள்ளும் வட்டாரத்தை.

ஹப்புக்கு முகவரி எதுவும் தெரியாது. ஒரு போர்ட்டில் வரும் சிக்னலை மற்ற எல்லாவற்றிலும் திருப்பி அனுப்பும். இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதும். இரண்டும் நிறுத்தி, காத்திருந்து, மறுபடி அனுப்ப வேண்டும். சுவிட்சோ அனுப்பியவரின் நெட்வொர்க் கார்டுக்கே உரிய மேக் முகவரியைப் பார்த்து, அவர் எந்த போர்ட்டில் இருக்கிறார் என்று குறித்துவைக்கும். அடுத்த முறை அவருக்கு வருவதை அங்கே மட்டும் தள்ளும். உங்கள் சுவிட்சில் வழக்கமாக ஓடுவது ஆறு போர்ட், ஆக ஆறு கொலிஷன் டொமைன். இதில் ஹப் இருக்கும் போர்ட்டில் மட்டும் மாடிக் கம்ப்யூட்டர்கள் நான்கும் ஒரே டொமைனில் இன்னும் மோதிக்கொள்ளும். மற்ற ஐந்தும் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிகிற ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் அங்கே மோதலே கிடையாது.

எல்லோருக்குமாக அனுப்பும் செய்தி எட்டும் எல்லையான பிராட்காஸ்ட் டொமைன் வேறு சங்கதி. "192.168.1.1 யார்?" என்று ஒரு கம்ப்யூட்டர் மேக் முகவரியைத் தேடிக் கேட்கும் ஏஆர்பி கேள்வி ff:ff:ff:ff:ff:ff என்ற முகவரிக்குப் போகிறது. அது எல்லோருக்கும் உரியது என்பதால், வந்த போர்ட்டைத் தவிர எல்லா போர்ட்டிலும் சுவிட்ச் அதை அனுப்பியே ஆகவேண்டும். அதை நிறுத்துவது ரூட்டர்தான். கடை முழுக்க உங்களுக்கு ஒரே பிராட்காஸ்ட் டொமைன்.

அந்தக் கேபிள் இங்கேதான் மாட்டுகிறது. கேள்வி ஏழாவது போர்ட்டில் வெளியேறி எட்டாவதில் உள்ளே வரும். சுவிட்ச் அதைப் புதிய கேள்வியாக எடுத்து மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். எட்டில் போனது ஏழில் வரும். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்ற எண் ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யமானால் பாக்கெட் கைவிடப்படும். சுவிட்ச் கடத்துவது ஈதர்நெட் ஃபிரேமை. அதில் அப்படி எதுவும் இல்லை. எனவே அது சுற்றிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, கேட்டவர் ஏழிலோ எட்டிலோ இருப்பதாக சுவிட்ச் தப்பாகக் குறித்துக்கொள்ளும். அவருக்கு வரும் பதிலும் வழி தவறும்.

யாரும் வேலை செய்யாதபோதும் எல்லா விளக்குகளும் ஒன்றாக வெறிபிடித்தாற்போல மின்னினால் இதுவாகத்தான் இருக்கும். சுவிட்சை அணைத்துப் போட்டுப் பயனில்லை. கேபிள் அங்கேயே இருக்கிறதே. ஒவ்வொன்றாகப் பிடுங்கி சில விநாடி பாருங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்கு அடங்குகிறதோ அதுதான். சுவிட்சிலிருந்து ஹப்புக்கு இரண்டு கேபிள் போனாலும் இதே கதைதான்.

இனி நடக்காமலிருக்க, ஸ்பேனிங் ட்ரீ உள்ள மேனேஜ்டு சுவிட்ச் வாங்குங்கள். அது வளையத்தைக் கண்டு ஒரு போர்ட்டை அடைத்துவிடும். ஹப்பையும் மாற்றிவிடுங்கள். பில்லிங்கையும் மாடியையும் நிஜமாகவே பிரிக்க வேண்டுமானால் ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் விலேன் இரண்டு போட்டு, நடுவே அந்த விலேன்களைத் தெரிந்த ரூட்டர் வேண்டும். ரூட்டரின் பின்னாலிருக்கும் நான்கு லேன் போர்ட்டுகளில் தனித்தனியாகச் சொருகினால் போதும் என்று நினைக்காதீர்கள். சாதாரண ரூட்டர்களில் அந்த நான்கும் உள்ளே ஒரு சுவிட்ச்தான்.