20% தள்ளுபடி, 18% ஜிஎஸ்டி: பில்லில் 1,440 ரூபாய் எங்கே கூடியது?

கேள்வி: குறுவை நாற்றங்காலுக்காக மன்னார்குடியில் போர் மோட்டார் வாங்கினேன். வரி நீங்கலாக விலை 40,000 ரூபாய். 20% தள்ளுபடி, 18% ஜிஎஸ்டி. இருபதில் பதினெட்டு போனால் 2% குறையும் என்று கணக்குப் போட்டேன். பில்லும் 39,200 ரூபாய்தான். என் மகன் தப்பு என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: சாதாரணத் தள்ளுபடியாக இருந்தால், உங்கள் மகன் சொல்வதே சரி. தள்ளுபடியின் 20% நாற்பதாயிரத்தின் மேல் கணக்கிடப்படுவது. வரியின் 18% தள்ளுபடி போக மிஞ்சிய தொகையின் மேல் கணக்கிடப்பட வேண்டியது. அடிப்படைத் தொகை வேறு வேறாக இருப்பதால் இரண்டையும் கூட்டவோ கழிக்கவோ இயலாது. 40,000 ரூபாயில் 8,000 கழித்தால் 32,000. அதற்கு 18% வரி 5,760. ஆக நீங்கள் கொடுத்திருக்க வேண்டியது 37,760 ரூபாய்.

உங்கள் கணக்கும் கடையின் பில்லும் ஒத்துப்போனதே தவறு நடந்திருப்பதற்கான அடையாளம். முழு விலைக்கு 7,200 ரூபாய் வரி போட்டு, பிறகு 8,000 ரூபாயை மட்டும் கழித்தால்தான் 39,200 வரும். கூடுதலாக வந்த 1,440 ரூபாய், நீங்கள் கொடுக்காத அந்த எட்டாயிரத்துக்கு விதிக்கப்பட்ட 18% வரி. விற்பனையின்போதே கொடுத்து பில்லிலும் காட்டிய தள்ளுபடியை வரிக்குரிய மதிப்பில் சேர்க்கக் கூடாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது.

பில்லை எடுத்து, வரிக்குரிய மதிப்பு என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 32,000 என்றும், மத்திய வரி 9%, மாநில வரி 9% என்ற இரு வரிகளிலும் தலா 2,880 என்றும் இருக்க வேண்டும். தலா 3,600 என்று இருந்தால் முழு விலைக்கு வரி போட்டிருக்கிறார்கள். அப்படியானால் பில்லோடு கடைக்குச் சென்று, கூடுதலாக வாங்கிய வரிக்கு கிரெடிட் நோட் போட்டு 1,440 ரூபாயைத் திருப்பித் தருமாறு கேளுங்கள். பில் போட்ட பிறகும் இப்படித் திருத்துவதற்குச் சட்டத்தில் இடமுண்டு.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த 8,000 ரூபாய், பழைய மோட்டாரைக் கொடுத்ததற்காகக் கழித்த தொகையா? அப்படியென்றால் அது தள்ளுபடி ஆகாது. பழைய மோட்டாரும் நீங்கள் கொடுத்த விலையின் ஒரு பகுதியே என்பதால் வரி 40,000 ரூபாய்க்கே உண்டு, 39,200 சரியான தொகைதான். நம் பக்கத்துக் கடைகளில் இரண்டையுமே 'கழிவு' என்று ஒரே சொல்லால் சொல்வதால், பில்லில் எந்தப் பெயரில் எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

அதேபோல, 40,000 என்பது பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி என்றால் அதற்குள் வரி ஏற்கெனவே அடங்கிவிட்டது. அப்போது 20% போக 32,000 ரூபாய்தான் மொத்தத் தொகை. அதற்கு மேல் வரி என்று ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது.