சிரிக்க வைக்கும் பெயர், புண்படுத்தாத பெயர்

கேள்வி: பாளையங்கோட்டையில் நடக்கும் துப்பறியும் தொடர்கதை எழுதுகிறேன். நாயகி ஒரு வக்கீல். அவளுக்கு உதவியாக, கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நாற்பது வயது ஆள் ஒருவர். பருமனானவர், பயந்த சுபாவம், ஆனால் கடைசிவரை கூட நிற்பவர். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். 'குண்டு கோபால்' என்று பெயர் வைத்தேன். படித்த தோழி முகம் சுளித்தாள். வெறும் 'கோபால்' என்றால் சிரிப்பே வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: 'குண்டு' போகட்டும். தோழி முகம் சுளித்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பெயரில் சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் அத்தியாயத்தில் ஆள் உள்ளே வரும்போது வாசகர் ஒருமுறை சிரிப்பார். அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் அது அவர் உடம்பைச் சுட்டிக்காட்டும் விரல்தான். நாயகி அன்பாகக் கூப்பிட்டாலும் அந்த விரல் நீண்டுகொண்டே இருக்கும். நொண்டி, கருவாயன், சோடாபுட்டி எல்லாம் இதே வகை. ஆள் எப்படி இருக்கிறார் என்று சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. அவர் என்ன செய்கிறார், எதற்கு ஆசைப்படுகிறார் என்று அவை எதுவும் சொல்வதில்லை.

சிரிப்பு வேறு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் பெயரின் இரண்டு பாதிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதிலிருந்துதான். 2001இல் வந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தின் காண்ட்ராக்டர் நேசமணியை எடுத்துக்கொள்ளுங்கள். 'நேசமணி' குமரி மாவட்டத்தில் சாதாரணமாகக் காதில் விழும் பெயர், அதில் கேலி எதுவும் இல்லை. 'காண்ட்ராக்டர்' ஒரு தொழில், அதிலும் இல்லை. ஆனால் தொட்டதெல்லாம் கவிழும் ஓர் ஆள் அந்தப் பட்டத்தை விறைப்பாகத் தாங்கி நடக்கும்போது சிரிப்பு தானாக வருகிறது. 2019இல், படம் வந்து 18 ஆண்டுகள் கழித்து, அவர் தலையில் சுத்தியல் விழுந்ததற்காக ஊரே இணையத்தில் பிரார்த்தனை செய்தது. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர் யாரும் நேசமணியை வெறுத்துச் சிரிக்கவில்லை. முன்பாதி அவர் பெருமையோடு சுமப்பது, பின்பாதி அவரைப் பெற்றவர்கள் வைத்தது. இந்த அமைப்பை அப்படியே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆளுக்கு வருவோம். நீங்கள் கொடுத்த விவரங்களில் எனக்குப் பிடித்தது அவருடைய அப்பாவின் வேலை. கண்டக்டர் மகன் என்றால் வீட்டிலேயே காதில் விழுந்திருக்கக்கூடிய சொல், 'போலாம் ரைட்'. எந்த வேலையைத் தொடங்கினாலும் அவர் அதைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் மெஷினைத் தட்டும்போதும், நாயகி இருட்டான குடோனுக்குள் நுழையும்போதும், "போலாம் ரைட்!" ஆனால் சொல்லிவிட்டு நகர்வதில்லை. கண்டக்டரும் அப்படித்தானே, விசில் அடிப்பது அவர், வண்டியை ஓட்டுவது இன்னொருவர். இப்போது அவருடைய பயம் பட்டப்பெயருக்குள் வந்துவிட்டது, அதே சமயம் யாரும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவும் இல்லை. பின்பாதிக்கு முதலெழுத்து ஒத்துவரும் ஒரு சாதாரணப் பெயர் வேண்டும். 'போ'வுக்கு மோனையாக 'பொ'. போலாம்ரைட் பொன்னுசாமி.

இதை வாயால் சொல்லிப் பாருங்கள். 'ட்', 'ட்ட', 'ப்ப', 'க்க' போன்ற வல்லின ஒலிகள் குட்டையாக வெட்டி நிற்கும்போது சிரிப்புக்கு ஒரு தட்டு கிடைக்கிறது. பின்னால் வரும் 'பொன்னுசாமி' மெல்லினத்தில் உருண்டு முடிகிறது. இரண்டு பாதியுமே வெட்டினால் கார்ட்டூன் ஆகிவிடும், இரண்டுமே உருண்டால் கல்யாணப் பத்திரிகைப் பெயர்தான்.

அடுத்து, அந்தப் பெயரைத் தொடர் முழுக்க எப்படிப் புழங்குவது? முழுப் பெயர் அறிமுகத்துக்கும், அவரே தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடங்களுக்கும் போதும். நாயகி வயதில் சின்னவள் என்றால் 'ரைட்டண்ணே', கோர்ட் வாசலில் டீக்கடைக்காரர் 'ரைட்டு அண்ணாச்சி'. வேற்றுமை உருபு சேர்த்தும் பார்த்துவிடுங்கள்: பொன்னுசாமிக்கு, பொன்னுசாமியை, பொன்னுசாமியோடு, எல்லாம் வழுக்கிக்கொண்டு வருகின்றன. இங்கே இடறும் பெயர் பத்தாவது அத்தியாயத்தில் உங்களையே எரிச்சல்படுத்தும்.

முக்கியமான சோதனை இன்னொன்று. துப்பறியும் கதையில் எங்காவது அவருக்கு அடி விழும், இல்லை ஆளைக் காணாமல் போகும். அப்போது நாயகி போனில் என்ன சொல்வாள்? "குண்டு கோபாலைக் காணோம்" என்று எழுதிப் பாருங்கள், பதற்றம் உடைந்துபோகும். "பொன்னுசாமி அண்ணனைக் காணோம்" என்றால் நிற்கிறது. பின்பாதியை சாதாரணமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பட்டத்தைக் கழற்றி வைத்தால் உள்ளே மரியாதையான ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

பின்பாதி தேடும்போது பலர் விழும் ஒரு குழியைச் சொல்லிவிடுகிறேன். 'பழைய கிராமத்துப் பெயர் வைத்தால் சிரிப்பு வரும்' என்று குப்புசாமி, பிச்சை, மண்ணாங்கட்டி என்று போவார்கள். முதல் குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பது அந்தக் கால வழக்கம். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றுவதற்காக. சாமியிடம் பிச்சையாகக் கேட்டு வாங்கியது பிச்சை. மண்ணாங்கட்டியும் இந்தக் கணக்குதான். அந்தப் பெயரைத் தாங்கிய தாத்தா பாட்டி இருந்த வீடுகளில் உங்கள் தொடரும் படிக்கப்படும். 'போதும்பொண்ணு' இன்னும் மோசம், பெண் பிறந்த ஏமாற்றத்தை அந்தப் பெண்ணின் மீதே எழுதிவைத்த பெயர் அது. இவற்றை வைக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நாயகனுக்கோ வில்லனுக்கோ வையுங்கள், தாராளமாக. சிரிப்புக்காக வைக்காதீர்கள். ஒரு சாதியை நினைவூட்டும் பெயரை ஏவல் வேலை செய்யும் பாத்திரத்துக்கு வைப்பதும் இதில் சேரும். அங்கே வாசகர் சிரிப்பது உங்கள் எழுத்துக்கு அல்ல.

பட்டம் எப்படி வந்தது என்று முதல் அத்தியாயத்திலேயே விளக்காதீர்கள். அவர் நாலைந்து இடங்களில் 'போலாம் ரைட்' சொல்லட்டும், வாசகர் தானே பிடித்துக்கொள்வார். அப்பா கதை ஐந்தாறு அத்தியாயம் கழித்து வந்தால் போதும். வில்லன் அவரை மட்டமாகப் பேசும் காட்சி வேண்டும் என்றால், வில்லன் எதைச் சொன்னாலும் கதை சொல்லும் குரல் அவரைப் 'பொன்னுசாமி' என்றே சொல்லட்டும்.

கடைசியாக, எழுதி முடித்த அத்தியாயங்களில் பெயரை மாற்றும்போது கம்ப்யூட்டரை நம்பி 'எல்லாவற்றையும் மாற்று' கொடுத்துவிடாதீர்கள். 'கோபால்' என்று தேடினால் 'கோபாலுக்கு', 'கோபாலை' எல்லாம் தப்பிவிடும், புள்ளி போய் உயிர் ஏறிவிடுவதால். 'குண்டு' என்று தேடி மாற்றினால் நிலைமை வேறு. உங்களுடையது துப்பறியும் கதை. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் இரண்டு போலாம்ரைட் பாய்ந்திருந்ததாக அச்சாகிவிடும்.